மெஸ் தட்டில் எவ்வளவு புரதம்?
மகளிர் விடுதி வார்டன் பெற்றோருக்கு எழுதும் கடிதம்



"மெஸ் சாப்பாட்டில் புரதம் இருக்கிறதா, புரோட்டீன் பவுடர் வாங்கி அனுப்பட்டுமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம்.

நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் என்று படித்துவிட்டு, ஒரு கிண்ணம் சாம்பாரிலும் அவ்வளவு இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த அளவு வேகாத பருப்புக்குத்தான். சாம்பாரில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் நான் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை, ஸ்டோரில் எடை போட்டுக் கொடுக்கும் பருப்பைப் பார்க்கிறேன். மதியச் சாம்பாருக்கு 200 பேருக்கு 5 கிலோ துவரம்பருப்பு போகிறது. தலைக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம்.

இதே முறையில் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் நாலு இட்லியும் சாம்பாரும் சுமார் 11 கிராம். மதியம் 150 கிராம் அரிசி வடித்த சோற்றில் 12, சாம்பாரில் ஐந்தரை, ஒரு கப் தயிரில் 3, ஆக ஏறக்குறைய 20. மாலையில் பால் கலந்த டீயும் கொண்டைக்கடலைச் சுண்டலும் 9. இரவில் மூன்று சப்பாத்தி, குருமா, ஒரு முட்டை சேர்ந்து 17. மொத்தம் 57. முட்டை சாப்பிடாதவருக்கு 51.

சோறும் பருப்பும் சேர்ந்து வருவதில் ஒரு லாபம் உண்டு. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது.

ஆனால் இது பரிமாறும் கணக்குதான். காலையில் தூங்கிவிட்டால் 11 போய்விடும். உடம்பு இளைக்க மதியச் சோற்றைப் பாதியாக்கினால் இன்னும் 6 குறையும். சாம்பாரும் வேண்டாமென்றால் மொத்தம் 35க்கு இறங்கிவிடும். எங்கள் பக்கமும் குறை வரலாம்: பருப்பு அண்டாவின் அடியில் தங்கிவிடும், கிண்டாமல் ஊற்றினால் முதலில் வருபவருக்குத் தண்ணீரும் கடைசியில் வருபவருக்குக் கெட்டியும் கிடைக்கும். ஒவ்வொரு கரண்டிக்கும் அடிவரை கலக்கி ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மூன்று வேளையும் சாப்பிடும் பிள்ளைக்குப் பவுடர் தேவையில்லை. ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் பொட்டுக்கடலை அனுப்புங்கள். 50 கிராமில் பத்து கிராம் போலப் புரதம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவை என்னிடம் தந்துவிடுங்கள்.

அடுத்த முறை போனில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்பதோடு, "காலையில என்ன சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
விடுதி வார்டன்