ரேயான் துணி எவ்வளவு சுருங்கும்? தைப்பதற்கு முன்பே அறியலாம்

குனோங் ராபாட்: தீபாவளியை ஒட்டிய மழை நாள்களில் கொடியில் துணி காய்வதில்லை. சுயசேவை சலவைக் கடை உலர்த்தியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால், முழங்காலுக்குக் கீழே நின்ற ரேயான் குர்த்தா மேலேறிவிடுவதும் பெரும்பாலும் அங்குதான்.

இதை முன்கூட்டியே கணிக்க, உடையின் உள்தையலில் இருக்கும் சிறு துண்டில் முதலில் நூல் விகிதத்தைப் பார்க்க வேண்டும். ரேயான், விஸ்கோஸ் இரண்டும் ஒன்றே. மரக்கூழில் செய்யப்படும் நூல். அது தண்ணீரை உறிஞ்சி நன்றாகப் பருக்கும். ஆலையில் இழுத்து முடிக்கப்பட்ட துணி, நனைந்ததும் அந்த இழுவிசையை விட்டுவிடுகிறது. பருத்த நூல்கள் வளைந்து நெருங்க, நீளம் குறைகிறது. உலர்த்தியில் துணி புரள்வதால் சுருக்கம் இன்னும் கூடும்.

பருத்தியும் இப்படித்தான் சுருங்கும். ஆனால் ரேயான் அளவுக்குப் பருக்காது. முன்பே சுருக்கி விற்கப்படும் பருத்தியில் மாற்றம் குறைவு. பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. அதன் பங்கு கூடினால் சுருக்கம் குறையும். 95 விழுக்காடு ரேயான், 5 விழுக்காடு ஸ்பென்டெக்ஸ் என்றிருந்தால் ரேயான் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கம்பளியின் கதை வேறு. அதன் இழையில் செதில்கள் உண்டு. ஈரத்திலும் சூட்டிலும் புரட்டினால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கேமரன் மலைக்குப் போட்டுச் செல்லும் ஸ்வெட்டர் அப்படித் தடித்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது.

அடுத்து குறியீடுகள். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் உலர்த்தி. அதன்மேல் குறுக்குக் கோடு விழுந்திருந்தால் அதில் போடக் கூடாது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு. தொட்டிக்குள் கை தெரிந்தால் கையால் அலச வேண்டும். சதுரத்தின் நடுவே ஒரு படுக்கைக் கோடு இருந்தால், தொங்கவிடாமல் விரித்துக் காயவைக்க வேண்டும்.

மீட்டர் கணக்கில் வாங்கும் துணியில் பெரும்பாலும் இந்தத் துண்டு இருக்காது. அப்போது சோதித்துப் பார்ப்பதே வழி. துணியின் நீளவாக்கில் 50 செண்டிமீட்டர் இடைவெளியில் இரு நூல் அடையாளம் தைத்து, வழக்கமாகத் துவைப்பதுபோல் துவைத்துக் காயவைத்து அளக்கலாம். 47 செண்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 6 விழுக்காடு. அதே துணியைத் துவைக்காமல் 100 செண்டிமீட்டர் குர்த்தாவாகத் தைத்திருந்தால் 94 ஆகியிருக்கும். உள்ளே பாலியெஸ்டர் லைனிங் இருந்தால் அது சுருங்காமல் அடியில் எட்டிப் பார்க்கும்.

ஆகவே துணியை முழுதாகத் துவைத்துக் காயவைத்த பின்னரே தையல்காரரிடம் கொடுப்பது நல்லது. முதல் சலவையில் சுருக்கத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். அடுத்த சலவைகளில் இன்னும் சிறிது குறையக்கூடும். அதனால் தைக்கும்போது கீழ் மடிப்பில் இரண்டு செண்டிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லலாம்.

தைத்த ரேயான் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், ஈரமாக இருக்கும்போதே மெதுவாக நீவி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு நீளும். ஈரமான ரேயான் வலுவிழந்திருக்கும் என்பதால் பலமாக இழுக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும்.