விளக்கு அணைந்தது, பழுது அப்படியே இருக்கிறது

கலிபோர்னியாவில் கொஞ்சம் வயதான பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், பெரும்பாலான ஊர்களில், பதிவைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஸ்மாக் செக்’ எனும் புகைப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. தேதி நெருங்க நெருங்க, “பேட்டரி மைனஸ் கம்பியைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள், விளக்கு போய்விடும்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

பல கார்களில் போகவும் செய்கிறது. அதோடு வேறு என்னவெல்லாம் போகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

2012 மாடல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் சூடேறிய பிறகு மட்டும் மக்கர் செய்கிறது. மேடு ஏறும்போது தீப்பொறி தவறி, வண்டி லேசாக உதறுகிறது. காரின் கம்ப்யூட்டர் P0302 என்ற பழுதுக் குறியீட்டை எழுதி விளக்கைப் போடுகிறது. கூடவே அந்த நேரத்தில் எஞ்சின் இருந்த நிலையையும் பதிந்துகொள்கிறது: நிமிடத்துக்கு 2,400 சுற்று, கூலன்ட் 96 டிகிரி செல்சியஸ், எஞ்சின் மேல் முக்கால்வாசி பாரம். இந்தப் பதிவுக்கு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று பெயர். அனுபவமுள்ள மெக்கானிக் குறியீட்டைப் பார்த்த கையோடு இதைத்தான் தேடுவார். சூட்டிலும் பாரத்திலும் மட்டும் வருகிற பழுது என்று தெரிந்தால், காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மேட்டில் ஓட்டிப் பார்த்து, அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரியைக் கழற்றியதும் குறியீடும் போயிற்று, இந்தப் பதிவும் போயிற்று. பெட்ரோல் அளவைச் சரிக்கட்ட எஞ்சின் ஓடி ஓடிக் கற்றுவைத்திருந்த திருத்தங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். இப்போது மெக்கானிக்கிடம் வருவது, குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடும் ஒரு கார். அவர் எங்கிருந்து தேடத் தொடங்குவார்?

காயில் என்னவோ மாறவில்லை. இந்த வகைப் பழுதை ஒருமுறை பார்த்ததும் கம்ப்யூட்டர் விளக்கைப் போடாது. பெரும்பாலும் அடுத்த ஓட்டத்திலும் பார்த்து உறுதிசெய்த பிறகே போடும். மேடில்லாத சாலையில் சில நாள் ஓட்டினால் விளக்கு வராமலே இருக்கும், சரியாகிவிட்டது என்று நம்பவும் தோன்றும். ஆனால் எரியாத பெட்ரோல் ஒவ்வொரு தவறலிலும் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. தவறல் அதிகமானால் அதன் பீங்கான் உள்பகுதி உருகவே உருகும். விளக்கு விட்டு விட்டு எரிவது இந்த ஆபத்துக்கான எச்சரிக்கைதான். காயிலின் விலை எங்கே, கலிபோர்னியா ஒப்புதல் பெற்ற கன்வெர்ட்டரின் விலை எங்கே!

சரி, விளக்கு அணைந்த தெம்பில் மறுநாளே பரிசோதனைக்குப் போனால்? 2000 மாடலுக்குப் பிந்தைய பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 2015 மார்ச் முதல் அங்கே புகைக்குழாயில் கருவி செருகி அளப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரையே கேட்கிறார்கள். அது தன் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, ‘முடிந்தது’ என்று குறித்துவைக்கும். நினைவு அழிந்தால் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கசிவு ஆகிய சோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். இந்த வயதுக் கார்களுக்கு ஆவிக் கசிவுச் சோதனை ஒன்று மட்டும் பாக்கி இருக்கலாம். கன்வெர்ட்டர் சோதனை முடியவில்லை என்றால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி தேறாது.

அந்தச் சோதனைகள் நாம் நினைத்தபோது நடப்பவை அல்ல. கன்வெர்ட்டர் சோதனைக்குப் பல கார்களில் எஞ்சின் நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் சில நிமிடங்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஆவிக் கசிவுச் சோதனைக்கு வண்டி இரவு முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, காலியாகவும் கூடாது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற நகர ஓட்டத்தில் வாரக்கணக்கில் ஓட்டியும் முடியாமல் போவதுண்டு. எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

2019 ஜூலையிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. 2010 மாடல் முதல் வந்த கார்களில் ‘நிரந்தரக் குறியீடு’ என்ற பதிவும் பார்க்கப்படுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் ஸ்கேனர் கொண்டு அழித்தாலும் அது போகாது. பழுது தீர்ந்துவிட்டது என்று கார் தானே சோதித்துத் திருப்தியடைந்தால்தான் அழியும்.

ஆகவே, முதலில் ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, அந்த மோசமான காயிலை மாற்றுவதுதான் வழி. பிறகு ஒன்றிரண்டு வாரம் வழக்கம்போல ஓட்டலாம், இடையில் நெடுஞ்சாலைப் பயணமும் இருக்கட்டும். சோதனைகள் முடிந்துவிட்டனவா என்பதைச் சாதாரண விலை ஸ்கேனரே காட்டும். பழுதுநீக்கிய பிறகும் நிரந்தரக் குறியீடு ஒட்டிக்கொண்டிருந்தால், நினைவு அழிந்ததிலிருந்து எஞ்சின் 15 முறை குளிர்ந்து சூடாகி, வண்டி 200 மைல் ஓடியிருந்தால் அதைப் பொருட்படுத்துவதில்லை. இந்தச் சலுகை அந்தக் குறியீட்டுக்கு மட்டும்தான். மேட்டில் ஏறும்போது விளக்கு திரும்ப எரிந்தால் வண்டி தேறாது.