இரண்டிரண்டாகக் கழித்தால் மிஞ்சுவது யார்?

பெட்டியில் ஏழு சீட்டுகள்: க, க, ச, ச, ப, க, க. பாதிக்கு மேல் பெற்றவர் யார்? ஆளுக்கொரு கணக்கு வேண்டாம். ஒரு பெயரும் ஓர் எண்ணும் போதும். பாயர், மூர் என்ற இரு அமெரிக்கக் கணினி அறிஞர்கள் கண்ட வழி இது.

எண் பூஜ்யமாக இருந்தால், வரும் சீட்டின் பெயரைப் பிடித்து 1 என்று வையுங்கள். அதே பெயர் வந்தால் ஒன்று கூட்டுங்கள், வேறு வந்தால் ஒன்று குறையுங்கள். நம் பெட்டியில் க1, க2, க1, பூஜ்யம், ப1, பூஜ்யம், க1. கையில் மிஞ்சியது க.

ஏன் சரி? ஒவ்வொரு குறைப்பும் வெவ்வேறு பெயருள்ள இரு சீட்டுகளைச் சேர்த்துத் தள்ளுவதுதான். எந்தச் சோடியிலும் பெரும்பான்மைக்காரரின் சீட்டு ஒன்றுக்கு மேல் இருக்காது. அவருடைய சீட்டு ஒவ்வொன்றையும் தள்ள மற்றவர் சீட்டு ஒன்று வேண்டும். மற்றவர்களிடமோ மொத்தமே பாதிக்கும் குறைவு. ஆகவே அவர் சீட்டு மிஞ்சியே தீரும். மிஞ்சுபவை எல்லாம் ஒரே பெயர் என்பதால், கையிலிருப்பது அவர் பெயர்தான்.

ஒரு பொறி உண்டு. க, ச, ப என்று மூன்றே சீட்டுகள் வந்தால் ப மிஞ்சும். ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பெரும்பான்மை உண்டு என்ற உறுதி இல்லாதபோது, மிஞ்சிய பெயரை மட்டும் மறுமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.