இரத்தம் வேண்டி ஓர் அறிவித்தல்: எழுதும் முறையும் விசாரிக்கும் முறையும்



2025 நவம்பர் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை, டித்வா புயலின் மழையினால் மலையகத்தின் பல பாதைகள் மண்சரிவில் அடைபட்டுக் கிடந்தன. மறுநாள் தேசிய இரத்தமாற்றுச் சேவையின் பணிப்பாளர் வைத்தியர் லக்ஷ்மன் எதிரிசிங்க அவர்கள் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோளை விடுத்தார். நாட்டின் ஒரு நாள் தேவை 1,500 அலகு இரத்தம். வெள்ளிக்கிழமை சேர்ந்ததோ 236 அலகு மாத்திரம். மழையாலும் வெள்ளத்தாலும் நடமாடும் இரத்ததான முகாம்களை நடத்த முடியாமற் போனதே காரணம் என்பது அதன் சாரம். எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைத்தது, ஏன் குறைந்தது என்ற மூன்றும் அதில் இருந்தன. சொன்னவர் யார், எந்தப் பொறுப்பில் இருந்து சொல்கிறார் என்பதும் தெரிந்தது.

இனி, நமது கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேரும் அறிவித்தல்களில் ஒன்றைப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாமே எழுதிய மாதிரிதான். ஆயினும் இதன் உடன்பிறப்புகளை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள்.

"அவசரம்! அவசரம்!! ஹட்டன் ஆஸ்பத்திரியில் ஒரு தாய் உயிருக்குப் போராடுகிறார். இன்றைக்குள் ஏபி நெகடிவ் இரத்தம் கிடைக்காவிட்டால் அவரைக் காப்பாற்ற முடியாது. உடனே ஓடி வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்." கீழே ஒரு தொலைபேசி இலக்கம், அது யாருடையது என்ற குறிப்பு இல்லை.

இதை எழுதியவரின் எண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இதை வாசிக்கும் ஒருவர் எங்கே போவது, எப்போது போவது, போகத்தான் வேண்டுமா என்ற மூன்றில் ஒன்றையேனும் இதிலிருந்து அறிய முடியாது.

முதலில் "இன்றைக்குள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இவ்வகை அறிவித்தல்களில் மிகவும் ஆபத்தான சொல் இதுதான். திகதி இல்லாத "இன்று" என்றைக்கும் காலாவதியாவதில்லை. நோயாளி குணமடைந்து வீடு சென்று மாதங்கள் கடந்த பின்னரும் அச்செய்தி ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஒரு தோட்டத் தொழிலாளி காலைப் பிரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினால், அன்றைய பேர் அவருக்குப் போய்விடும். அடுத்த முறை உண்மையான அழைப்பு வரும்போது அவர் தயங்குவார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறொரு தவறான எண்ணமும் இருக்கிறது. நாம் கொடுக்கும் இரத்தம் அப்படியே நோயாளியின் உடலில் ஏற்றப்படுகிறது என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறு நடப்பதில்லை. கொடுத்த இரத்தம் எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்படுகிறது. பின்னர் நோயாளியின் இரத்தத்துடன் ஒத்துப் போகின்றதா என்றும் பார்க்கப்படுகிறது. இதற்கெல்லாம் மணித்தியாலங்கள் செல்லும். ஆகவே இந்த நிமிடத்தில் இரத்தப்போக்குடன் கட்டிலில் கிடப்பவரைக் காப்பாற்றுவது ஏற்கெனவே இரத்த வங்கியின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இரத்தமே. அது அங்கே போதாவிட்டால் வேறொரு வைத்தியசாலையின் இரத்த வங்கியிலிருந்து தருவிக்கப்படும். 2014 முதல் நமது நாட்டின் இரத்தமாற்றுச் சேவை முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களைக் கொண்டே இயங்கி வருகிறது; நோயாளியின் உறவினர் பதிலுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய வழக்கம் கைவிடப்பட்டு விட்டது. விடுதியின் வாசலில் பதறி நிற்கும் உறவினர் தாமாகவே அறிவித்தல் எழுதத் தொடங்குவது பெரும்பாலும் இதை அறியாததனால்தான்.

ஆகவே எழுதுவதற்கு முன்னர் விசாரிக்க வேண்டும். செய்தி கொண்டுவருபவரை நம்பி நடக்குமுன் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குப் பணிப்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். இங்கே அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை. அறிவித்தலில் உள்ள இலக்கத்திற்கு அழைப்பது விசாரணையாகாது; அது சொன்னவரிடமே திரும்பக் கேட்பதாகும். வைத்தியசாலையின் பொது இலக்கத்தை நீங்களே தேடிப் பெறுங்கள். கிடைக்காவிடின் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் கேட்கலாம். அழைத்து, விடுதிக்கு அல்ல, இரத்த வங்கிக்கு இணைப்புத் தரும்படி சொல்லுங்கள். கொடையாளர்களை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எந்த வகையில் எத்தனை பேர்? எத்தனை மணி வரை வரலாம்? இம்மூன்றையும் கேட்டு, பதில் கிடைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற் கேள்விக்கே "இல்லை, எங்களிடம் இருக்கிறது" என்ற பதில் வரக்கூடும். அப்படியானால் அறிவித்தல் தேவையில்லை. அதைக் குழுவில் தெரிவித்துவிட்டு, உறவினருக்கும் சொல்லி ஆறுதலளியுங்கள். யாரேனும் இரத்தத்திற்குப் பணம் கேட்டிருந்தால், அது இரத்த வங்கியின் வேண்டுகோள் அல்ல என்பதையும் அந்த அழைப்பிலேயே அறிந்துகொள்வீர்கள்.

இடத்தின் பெயருக்கு வருவோம். ஹட்டன் ஆஸ்பத்திரி என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையைத்தான். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்ட புதிய கட்டடம் உள்ள இடம் அது. உள்ளூரவர் இதைப் புரிந்துகொள்வார். நானுஓயாவிலோ இராகலையிலோ இருந்து வரும் இளைஞர் ஹட்டன் நகரில் இறங்கி ஒவ்வொருவராக வழி கேட்பார். நோயாளி இதற்கிடையில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வளைந்து நெளியும் பாதையில் மறுபடியும் நெடும் பயணம். எனவே வைத்தியசாலையின் முழுப் பெயருடன் "இரத்த வங்கி" என்ற சொல்லும் இருக்க வேண்டும். வந்தவர் விடுதிக்குப் போய்த் தாதியரின் வேலையைத் தடுக்க வேண்டியிராது.

இரத்த வகையை எழுதுவதிலும் கவனம் தேவை. ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் வாசிக்கும்போது இன்னும் கூடுதலான கவனம் தேவை. "ஏபி நெகடிவ்" என்று வேகமாக வாசித்தால் ஏ வகையினரும் பி வகையினரும் தம்மை அழைப்பதாக எண்ணுவர். "நெகடிவ்" என்பது இரைச்சலில் கேளாமற் போனால் வருபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பொசிடிவ் வகையினராகவே இருப்பர். ஏனெனில் நெகடிவ் வகையினர் நம்மிடையே மிகச் சிலரே. இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஏபி நெகடிவ் நோயாளி ஒருவருக்கு ஏபி மாத்திரமன்றி, ஏ, பி, ஓ ஆகிய எந்த நெகடிவ் வகையின் செங்குருதிக் கலங்களையும் வழங்க இயலும். ஆகவே இரத்த வங்கி "நெகடிவ் வகையினர் எவராயினும் வரலாம்" என்று கூறலாம். இந்தக் கணக்கை நாம் போடக் கூடாது. நோயாளியின் வகையை அன்றி, இரத்த வங்கி கேட்கும் கொடையாளரின் வகையையே எழுத வேண்டும்.

நமது மாதிரியில் அழைப்பு எடுத்தபோது இவ்வாறான பதிலே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அறிவித்தல் இப்படி மாறும்:

"இரத்தக் கொடையாளர் நால்வர் தேவை. வகை: நெகடிவ் மட்டும், ஏ, பி, ஏபி, ஓ எதுவாயினும் சரி. பொசிடிவ் வகையினரும் தமது வகை தெரியாதவர்களும் இம்முறை வரத் தேவையில்லை. இடம்: டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, இரத்த வங்கி. காலம்: 2026 ஜூன் 11, வியாழக்கிழமை, பிற்பகல் 4 மணி வரை, அதன் பின்னர் இச்செய்தியை அனுப்ப வேண்டாம். இரத்த வங்கியில் விசாரித்து உறுதிசெய்தது: அன்று காலை 9.20 மணி, பள்ளிவாசல் செயலாளர். புறப்படுமுன் அவருக்கு அழைத்து, நால்வர் சேர்ந்துவிட்டனரா என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்."

இறுதியில் செயலாளரின் பெயரும் இலக்கமும் வரும். நோயாளியின் பெயரோ, நோயோ, விடுதியோ இதில் இல்லை. ஒரு தாயின் பிரசவ நிலைமையை ஊரெல்லாம் அறிய வேண்டிய அவசியம் இல்லை. கொடையாளருக்கும் அது பயன்படாது.

"நால்வர்" என்ற எண்ணைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. எத்தனை பேர் வந்தாலும் நல்லதுதானே என்ற எண்ணமே காரணம். அது சரியன்று. ஒருமுறை இரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். செங்குருதிக் கலங்களையும் ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பதற்றத்தில் நாற்பது பேர் ஒரே நாளில் கொடுத்துவிட்டால், சில வாரங்களில் அந்த இரத்தம் காலாவதியாகும். அந்த நாற்பது பேரோ நான்கு மாதங்களுக்கு அழைக்கப்பட முடியாதவர்கள். மிகுதியாகத் திரள்பவர்களைத் திருப்பி அனுப்புவதை விட, பெயர்களைக் குறித்து வைத்து, அடுத்த இரத்ததான முகாமுக்கு அழைப்பது நல்லது.

வருபவரின் தகுதியையும் ஒரு வரியில் சேர்க்கலாம்: வயது 18 முதல் 60 வரை, நிறை 50 கிலோவுக்கு மேல். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அங்கேயே பரிசோதித்துத் திருப்பி அனுப்பிவிடுவர். இரத்தச்சோகை பரவலாக உள்ள தோட்டப் பகுதிகளில் நமது சகோதரிகள் பலருக்கு இது நேர்கிறது. அவமானமாகக் கொள்ளாமல் சிகிச்சை பெற வேண்டிய விடயம் அது. வெறும் வயிற்றுடன் இரத்தம் கொடுப்பதும் கூடாது. எனவே ரமழானில் இத்தகைய அறிவித்தலை வாசிப்பதாயின், இப்தாருக்குப் பின்னர் இரத்த வங்கி கொடையாளரை ஏற்குமா என்பதை அதே அழைப்பில் கேட்டு, அந்த நேரத்தையே எழுதுங்கள்.

"ஓடி வாருங்கள்", "உயிருக்குப் போராடுகிறார்" போன்ற சொற்களை நீக்கினால் எவரும் வரமாட்டார்கள் என்று சிலர் அஞ்சுவர். வருவதற்கு மனமுள்ளவருக்கு இடமும் நேரமுமே தேவை. அச்சொற்களால் அசைபவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுத் தமது கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்.

நால்வர் சேர்ந்தவுடன், அல்லது மணி நான்கானவுடன், செயலாளர் அதே குழுக்களில், அதே ஒலிபெருக்கியில் இன்னொரு செய்தியை வெளியிட வேண்டும்: "ஜூன் 11ஆம் திகதிய இரத்தக் கொடை அறிவித்தல் முடிவடைந்தது. தேவையான நால்வரும் வந்துவிட்டனர். முந்தைய செய்தியை அழித்துவிடுங்கள்." வானொலியில் முதல் அறிவித்தலை வாசித்த நேரத்திலேயே, முடிவு அறிவித்தலை எத்தனை மணிக்கு வாசிப்பது என்பதையும் நிகழ்ச்சித் தாளில் குறித்து வைத்துவிடுவது வழக்கமாக வேண்டும்.