உங்களுக்குத் தெரியுமா? 300 ஜிஎஸ்எம் என்பது எடை மட்டுமே!

நீர்வண்ணத் தாளின் அட்டையில் ‘300 ஜிஎஸ்எம்’ என்று இருந்தால், ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை என்று பொருள். அது பருத்தியா, மரக்கூழா என்பதை அந்த எண் சொல்லாது. ‘100% பருத்தி’ என்று தனியே போட்டிருக்கிறதா எனப் பாருங்கள்.

எடை கூடினால் நெளிவு குறையும். நனைந்த இழைகள் உப்பும்போது மெல்லிய தாள் மேடும் பள்ளமுமாகிவிடும். பள்ளத்தில் தேங்கிய நீலம் வானத்தில் திட்டாகக் காயும். 300 தாளும் முழுக்க நனைந்தால் லேசாக நெளியும். அதனால்தான் அதை ஊறவைத்து, பலகையில் நான்கு பக்கமும் பசைத்தாள் நாடாவால் ஒட்டி, காய்ந்தபின் வரைகிறார்கள். 640 தாளுக்குப் பெரும்பாலும் இந்த வேலை இல்லை.

தூரிகைத் தடத்தைத் தீர்மானிப்பதில் இழைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு தாளிலும் வானம் பூசிப் பாருங்கள். மரக்கூழ்த் தாளில் அடுத்த வீச்சு வருவதற்குள் முந்தையதன் ஓரம் காய்ந்து கோடாக நின்றுவிடும். பருத்தி ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருப்பதால் வீச்சுகள் ஒன்றில் ஒன்று கரையும். ஆனால் தப்பாகப் பூசிய நிறத்தை ஈரத் தூரிகையால் எடுப்பது மரக்கூழில்தான் சுலபம். பயிற்சிக்கு அது போதும் என்பேன்.

ஒரு எச்சரிக்கை: ஈரக்காற்றில் கிடந்து மேல்பசை கெட்டுப்போனால், பருத்தித் தாளும் மையொற்றும் தாள்போல நிறத்தை உறிஞ்சி, புள்ளிபுள்ளியாக மங்கவிடும்.