பூவுக்காகக் காத்திருக்கும் சந்தனத் தைலம்

உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில், ரோஜாப் பூ வெயில் ஏறுவதற்குள் பட்டறைக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் வாசனை பாதி போய்விடும். வந்த பூவை 'தேக்' என்னும் பெரிய செம்பு அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூடியின் இடுக்கைக் களிமண்ணும் பஞ்சும் குழைத்து அடைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு மூங்கில் குழாய் சரிந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற நீள்கழுத்துச் செம்புக் குடத்துக்குள் போகிறது.

அந்தக் குடம் காலியாக இருப்பதில்லை. அதில் முன்கூட்டியே சந்தனத் தைலம் ஊற்றி வைத்திருப்பார்கள். அத்தரின் சூட்சுமமே இதுதான். ரோஜா எண்ணெயைத் தனியாக எடுக்க வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு மூன்று, நான்கு டன் பூ தேவை. இங்கே ஆவியோடு வரும் வாசனை குளிர்ந்ததும் தைலம் அதை வாங்கிக்கொள்கிறது.

அடுப்பு எரிவது விறகிலும் வறட்டியிலும். வெப்பமானி கிடையாது. தொட்டியில் கையை விட்டுக் குடத்தைத் தொட்டுப் பார்த்தே தீயைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். தீ மிஞ்சினால் ஆவி குளிராமல் அடைப்பை மீறி வெளியேறும். தண்ணீர் வற்றிப் பூ அடிப்பிடித்தால் கருகல் நெடி தைலத்தில் ஏறிவிடும். அதைப் பிறகு நீக்க வழியில்லை.

வடித்த குடத்தை ஆறவிட்டால் தைலம் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அடியிலுள்ள துளை வழியே தண்ணீரை மட்டும் வடித்து, அடுத்த பூவோடு மறுபடி அண்டாவில் சேர்க்கிறார்கள். ரோஜா வாசனையில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் அதைக் கொட்டுவது நஷ்டம். தைலம் அதேதான், பூ மட்டும் புதிது. தைலம் பூவின் வாசனையால் நிறையும்வரை இது நாட்கணக்கில் நடக்கும். கடைசியில் தோல் குப்பியில் அடைத்து வைத்தால், எஞ்சிய ஈரம் தோல் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும்.

கடையில் வாங்கும் சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். வாசனைப் பொருள்களில் பலவும் ஆய்வகத்தில் தயாரானவை, அதனால் பாட்டிலுக்குப் பாட்டில் மணம் மாறாது. அடித்ததும் ஆல்கஹால் ஆவியாகி வாசனையை அறை முழுக்கப் பரப்பும். அத்தர் அப்படி ஊரைக் கூட்டாது. சீக்கிரம் பறந்துவிடக்கூடிய பூவாசனையைச் சந்தனத்தின் கனமான மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்து, உடல் சூட்டுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரியும். எனக்கு அதுதான் மரியாதையான வாசனையாகப் படுகிறது.

ஆனால் சந்தனத் தைலத்தின் விலை ஏறியதிலிருந்து பல பட்டறைகளில் குடத்தில் இருப்பது திரவப் பாரஃபின் போன்ற மலிவான எண்ணெய். அதுவும் பூவாசனையை ஏற்கும். முகர்ந்த உடனே வித்தியாசம் பிடிபடாது. புறங்கையில் தடவிச் சில மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள். பூ அடங்கிய பிறகு சந்தனம் மேலே வர வேண்டும். வெறும் பிசுபிசுப்புதான் மிச்சமென்றால் சந்தேகப்படலாம். இப்போது சந்தனம் போலவே மணக்கும் செயற்கைப் பொருளையும் கலந்துவிடுவதால், தீர்மானமாகச் சொல்ல ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.