வரிக்குப் பின்னால் ஓர் ஒற்று

ஒரு வீட்டுக்காரருக்குப் பேரூராட்சியிலிருந்து இப்படி ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம்: 'தாங்கள் சொத்து வரிச் செலுத்தாத காரணத்தால், வரி தொகை ரூ.2,300-ஐ (ரூபாய் இரண்டாயிரத்து முன்னூறு மட்டும்) 15 நாட்களுக்குள் செலுத்தி, முந்தைய ரசீதுகளின் நகலை இவ்வலுவலகத்தில் அழிக்கவும்.'

மேலோட்டமாகப் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனால் இந்த ஒரே வாக்கியத்தில் நான்கு பிழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, வீட்டுக்காரரை ரசீதைக் கிழித்துப் போடச் சொல்கிறது.

முதலில் 'வரி'. 'வரிச் செலுத்தாத' என்ற இடத்தில் ச் வரக் கூடாது. 'வரி தொகை' என்ற இடத்தில் த் வந்தாக வேண்டும். ஒரே சொல்தான், ஒரே இகர ஈறுதான். பிறகு ஏன் ஓரிடத்தில் மிகுந்து, இன்னோரிடத்தில் மிகாமல் போகிறது?

காரணம் ஓசையில் இல்லை, பொருளில் இருக்கிறது. 'வரி செலுத்தாத' என்பதற்குள் 'ஐ' என்ற உருபு மறைந்திருக்கிறது. வரியைச் செலுத்தாத என்பதுதான் அதன் விரிவு. இப்படி இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து, அடுத்து வினை வந்தால் வல்லினம் மிகாது. அதே உருபு வெளிப்பட்டால் மிகும். எனவே 'வரி செலுத்தினார்', ஆனால் 'வரியைச் செலுத்தினார்'. 'சான்று பெற்றார்', ஆனால் 'சான்றினைப் பெற்றார்'. கோப்பு எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'வரியைச் செலுத்த' என்று எழுதிப் பழகிய கை, உருபை எடுத்த பிறகும் ஒற்றை எடுக்க மறந்துவிடுகிறது. வரி கட்டும் கவுன்ட்டர்களுக்கு மேலே 'வரிச் செலுத்துமிடம்' என்ற பலகை தோன்றுவதற்கு இதுவே வழி.

'வரித் தொகை' வேறு வகை. அங்கே வரி என்பதும் தொகை என்பதும் ஒரே பொருளைக் குறிக்கும் இரண்டு பெயர்கள், வரியாகிய தொகை. இரண்டு பெயர்கள் இப்படி ஒட்டும்போது வல்லினம் மிகும். வரியில் தரப்படும் சலுகை 'வரிச் சலுகை' ஆவதும், வரியாக வந்த பணம் 'வரிப் பணம்' ஆவதும் இதே போக்கில்தான். ஆக, ஒற்றுப் போடுவதா வேண்டாமா என்று ஐயம் வந்தால் இரண்டு சொற்களுக்கும் நடுவே மறைந்திருப்பதை விரித்துப் பார்க்க வேண்டும். 'ஐ' வந்து நின்று, பின்னால் வருவது செயலைச் சொன்னால் ஒற்று வேண்டாம்.

நிலப் பத்திரங்களில் இந்த விரிப்பு இன்னும் முக்கியம். 'ஏரி குளம்' என்றால் ஏரியும் குளமும். 'ஏரிக் கரை' என்றால் ஏரியினுடைய கரை. 'உம்' மறைந்த இடத்தில் ஒற்று வராது. ஒற்றைக் கண்டதும், முதல் சொல் இரண்டாம் சொல்லுக்கு அடைமொழி என்று தமிழ்க் கண் படித்துவிடும். இரண்டு சொத்துகள் ஒன்றாகத் தோன்றிவிடும்.

பெயர்ப்பலகைகளுக்கு ஒரு நல்ல பாடம் 'தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்' என்ற பெயரிலேயே இருக்கிறது. அரசு என்பதை அடுத்துப் ப் மிகுந்திருக்கிறது. 'அரசுப் பள்ளி', 'அரசுப் பேருந்து' என்பவையும் அவ்வாறே எழுதப்பட வேண்டியவை. ஆனால் பல ஊர்களில் ஒற்று இல்லாத பலகைகள்தான் கண்ணில் படுகின்றன. 'தமிழ்நாடு' என்பதற்குப் பின்னால் நிலைமை வேறு. 'தமிழ்நாடு பாடநூல்' என்று இயல்பாக நிற்கலாம், அல்லது நாடு 'நாட்டு' என்று திரிந்து 'தமிழ்நாட்டுப் பாடநூல்' ஆகலாம். 'தமிழ்நாடுப் பாடநூல்' என்று ஒரு வடிவம் கிடையாது.

அறிவிப்பில் மூன்றாவது பிழை எண்ணில். மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. மூன்று என்பதன் நெடில் குறுகி, பின்பகுதி கெட்டு, நூறு என்பதன் நகரம் இரட்டிக்கிறது. 'முன்னூறு' என்று எழுதினால் அது முன் + நூறு. முன்னால் உள்ள நூறு என்றாகும். கிரயப் பத்திரத்திலும் காசோலையிலும் தொகையை எழுத்தால் எழுதச் சொல்வதே இலக்கத்தில் ஐயம் வரக் கூடாது என்பதற்காக. அந்த எழுத்தே தவறாக இருப்பது வருத்தத்துக்கு உரியது.

நான்காவது, 'அழிக்கவும்'. எழுத நினைத்தது 'அளிக்கவும்'. பிழைதிருத்தி மென்பொருளில் இது எளிதில் தப்பிவிடலாம். இரண்டுமே அகராதியில் உள்ள சரியான சொற்கள் அல்லவா? அலுவலகங்களில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் படிப்பவர் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிப்பவராக இருந்தால் பிழை காதில் விழாது. முந்நூறும் முன்னூறும் யார் படித்தாலும் காதுக்கு ஒன்றே. அத்தகைய சொற்களைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அளி/அழி, அரை/அறை, ஏரி/ஏறி என்று பத்துப் பன்னிரண்டு இணைகளை மேசையில் எழுதி வைத்துக்கொண்டு, வரைவில் அவற்றை மட்டும் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

'நாட்கள்' பிழையா? 'நாள்கள்' என்றே எழுத வேண்டும் என்போரும் உண்டு, இரண்டும் வழக்கில் உள்ளன. அலுவலகம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதினால் போதும்.

கிரந்த எழுத்துகளில்தான் தேர்வு கடினம். வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதும் முறையைத் தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லியிருக்கின்றன. பொதுச்சொற்களில் ஆட்சித்தமிழ் அந்த வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. ஜில்லா மாவட்டமாயிற்று, ஜாதி சாதியாயிற்று, நஷ்டம் இழப்பாயிற்று. ஆனால் ஆட்பெயர் அப்படியல்ல. ஒருவர் தம் பெயரை 'ஜெயராஜ்' என்று எழுதினால், அதைச் 'செயராசு' ஆக்கும் உரிமை எழுத்தருக்கு இல்லை. பட்டாவில் ஒன்றும் பத்திரத்தில் ஒன்றுமாக நின்றால், இருவரும் ஒருவர்தான் என்று நிறுவும் சுமை அந்த மனிதரின் தலையில் விழுகிறது. அதனால்தான் பத்திர எழுத்தர்கள் 'ஜெயராஜ் என்கிற செயராசு' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். பழைய பத்திரத்தின் நகலை எடுக்கும்போதும் இதே கட்டுப்பாடுதான்: அதில் ஜில்லா என்று இருந்தால் நகலிலும் ஜில்லாதான்.

ஊர்ப்பெயர்களில் ஸ்ரீவைகுண்டம், திருவைகுண்டம் என்ற இரு வடிவங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று கணினிக்குள் இருக்கிறது. ஸ்ரீ என்ற எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம். ஒன்று ஸ (U+0BB8) என்பதில் தொடங்குவது. மற்றொன்று, 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ஶ (U+0BB6) என்பதில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவமாகத் தெரியும், அச்சிலும் வேறுபாடு இருக்காது. ஆனால் வாக்காளர் பட்டியலிலோ சொத்துப் பதிவேட்டிலோ ஒரு வடிவத்தைத் தட்டித் தேடினால், மற்ற வடிவத்தில் பதிவான பெயர் அகப்படாமல் போகலாம். ஊழியர் 'பதிவு இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவார். பதிவோ அங்கேயே இருக்கும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. கண்ணுக்குத் தெரியும் பதிவிலிருந்து ஸ்ரீ என்பதை மட்டும் படியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டித் தேட வேண்டும். பிறகு அதையே கையால் தட்டித் தேட வேண்டும். இரண்டு முறையும் வரும் எண்ணிக்கை வேறுபட்டால், படியெடுத்த ஸ்ரீயும் கையால் தட்டிய ஸ்ரீயும் வெவ்வேறு வடிவங்கள்.